ஒரு நிமிடம், குரல் மட்டும்: அறிவிப்பாளர் தேர்வுக்கு உங்களை எப்படி அறிமுகம் செய்வது

"புகைப்படம் தேவையில்லை. சான்றிதழ் தேவையில்லை. உங்களை நீங்களே அறிமுகம் செய்து ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள்." வானொலியோ பொட்காஸ்டோ, இப்படி ஒரு அறிவித்தல் வந்தால் வன்னியில் இருக்கிற பிள்ளைகளுக்கு அது நல்ல வாய்ப்பு. கொழும்புக்கு பஸ் ஏற வேண்டாம், கலையகத்தின் வாசலில் காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை எதனால் நிரப்புவது என்று தெரியாமல் முக்கால்வாசிப் பேர் ஒரே பிழையைச் செய்கிறார்கள். சில வருடங்கள் அறிவிப்பாளராக இருந்தேன். அப்புறம் சில தேர்வுகளில் பதிவுகளைக் கேட்டுத் தெரிவு செய்கிறவர்களில் ஒருத்தியாகவும் இருந்தேன். போன வருடம் என் அக்காவின் மகள் விசுவமடுவில் இருந்து ஒரு தேர்வுக்கு விண்ணப்பித்தாள். அவளோடு இருந்து செய்த வேலையை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்கிற பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு அறையில் இரண்டு மூன்று பேர் இருப்போம். ஒரு மாலைக்குள் அறுபது எழுபது பதிவுகள் கேட்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கடைசி வரை கேட்க வேண்டும் என்றுதான் எல்லோரும் தொடங்குவோம். பத்தாவது பதிவு வரை அப்படித்தான் நடக்கும். அதற்குப் பிறகு முதல் எட்டு பத்து விநாடிகளிலேயே கை அடுத்த பதிவுக்குப் போகத் தொடங்கிவிடும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லாப் பதிவுகளும் ஒரே மாதிரித் தொடங்குவதால் வருகிற களைப்பு அது.

அந்த ஒரே மாதிரியான தொடக்கம் எது என்பதற்கு என் பெறாமகள் பதிவுக்காக முதலில் எழுதியதே நல்ல உதாரணம். "அன்பான நேயர்களே, உங்கள் அனைவருக்கும் என் இனிய வணக்கங்கள். எனது பெயர்" என்று தொடங்கி, பிறந்த ஊர், படித்த பாடசாலை, க.பொ.த. உயர்தரத்தில் எடுத்த பாடங்கள், பேச்சுப் போட்டியில் கிடைத்த பரிசு, கடைசியில் "சிறு வயது முதலே அறிவிப்பாளராக வர வேண்டும் என்பது என் கனவு" என்று முடித்திருந்தாள். 148 சொற்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிக்க மூச்சு விடாமல் ஓட வேண்டியிருந்தது.

"சின்னம்மா, இதில என்ன பிழை?" என்று கேட்டாள்.

பிழை ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அது ஒரு விண்ணப்பப் படிவத்தைச் சத்தமாக வாசித்த மாதிரி இருந்தது. சான்றிதழ் வேண்டாம் என்று அவர்களே சொன்ன பிறகு, அதைக் குரலில் போய் வாசித்துக் காட்டுவதால் என்ன பயன்? கேட்கிறவர்கள் தேடுவது வேறு. இந்தக் குரல் ஒருவரோடு பேசுமா, இல்லை வெறும் காற்றோடு பேசுமா? இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்க முடியுமா? இந்த ஆளுக்குச் சொல்வதற்கென்று சொந்தமாக ஏதாவது இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் நீங்கள் படித்த பாடங்களில் பதில் கிடைக்காது. அதனால் அறிமுகம் என்று கேட்டாலும், நீங்கள் நடத்தப்போகிற நிகழ்ச்சியின் ஒரு நிமிடத் துண்டு போலவே அதைச் செய்ய வேண்டும். உங்களைப் பற்றிய செய்தி அதற்குள்ளே தானாக வந்துவிடும்.

எழுதுவதற்கு முன்: ஒரே ஒரு நேயர்

பேனாவை எடுப்பதற்கு முன், நீங்கள் யாரோடு பேசப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். "நேயர்களே" என்று ஊர் முழுவதையும் கூப்பிட்டால் குரல் தானாகவே மேடைக்குப் போய்விடும். பேச்சுப் போட்டியில் பரிசு எடுத்த பிள்ளைகளுக்கு இது மிகவும் கடினமான இடம். மேடையில் கடைசி வரிசை வரை குரல் போக வேண்டும். வானொலியில் நேயரின் காது உங்கள் வாயில் இருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

வன்னியில் வானொலி எப்படிக் கேட்கப்பட்டது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை நிறுத்தி வைத்து, ஒரு ஆள் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். சுற்றுகிற ஆள் களைத்தால் குரலும் நின்றுவிடும். அப்படிக் கேட்ட ஒருவரை நினைத்துக்கொண்டு பேசுங்கள், "உங்கள் அனைவருக்கும்" என்ற சொல் வாயில் வராது.

என் பெறாமகளிடம் இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பா வயல் காவலுக்குப் போகேக்க றேடியோவைக் கொண்டுபோறவர்" என்றாள். யானை வராமல் இருக்க இரவு முழுக்கக் கொட்டிலில் பாட்டுப் போட்டுக்கொண்டு இருப்பாராம். அது யானைக்கா உங்களுக்கா என்று ஒரு நாள் கேட்டாளாம். அவர் சொன்ன பதிலை அவள் எனக்குச் சொன்னதும், முதலில் எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்றேன்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். அது பெரிய சம்பவமாக இருக்க வேண்டியதில்லை. முறிகண்டியில் பஸ் நிற்கிற பத்து நிமிடத்தில் கச்சான் விற்கிற அம்மா என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதில் ஒரு நிமிடம் இருக்கிறது. நந்திக்கடலில் இறால் பிடிக்கப் போகிறவரின் வீட்டில் விடியற்காலையில் என்ன சத்தம் கேட்கும் என்பதிலும் இருக்கிறது. ஆனால் ஒன்று. நீங்கள் உண்மையில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எடுங்கள். கேள்விப்பட்ட கதையைச் சொல்கிறபோது குரலில் அது தெரிந்துவிடும். பெரும்பாலும் விவரங்கள் வருகிற இடத்தில்தான் அப்படியான குரல் தடுமாறும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். போர்க்கால இழப்பை இந்த ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. வன்னியில் இருந்து வருகிற பதிவுகளில் அது அடிக்கடி இருக்கும். அந்தக் கதைகள் எல்லாம் உண்மை, சொல்லப்பட வேண்டியவை. ஆனால் ஒரு நிமிடத்தில் அதைச் சொல்லி, அதே மூச்சில் "எனக்கு வாய்ப்புத் தாருங்கள்" என்று முடிக்கிறபோது அந்தக் கதைக்கு நீதி செய்ய முடியாது. கேட்கிறவர்களும் உங்கள் குரலைக் கவனிக்க முடியாமல் போய்விடுகிறார்கள்.

எழுத்து: 85 சொற்கள் போதும்

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்துக்கு 150 சொற்கள் என்று எங்காவது வாசித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். நிறுத்தி, மூச்சு எடுத்து, விளங்கும்படி பேசினால் தமிழில் ஒரு நிமிடத்துக்கு 80 முதல் 100 சொற்கள்தான். 60 விநாடி கேட்டால் 55 முதல் 57 விநாடிக்குள் முடிகிற மாதிரி எழுதுங்கள். சில இணையப் படிவங்கள் 60 விநாடியோடு தானாகவே வெட்டிவிடும். உங்கள் பெயரைச் சொல்கிற கடைசி வரி அதோடு போய்விடும்.

நாங்கள் நான்கு முறை எழுதி, கடைசியில் வந்தது இது. ஒற்றைக் கோடு சின்ன நிறுத்தம், இரட்டைக் கோடு மூச்சு எடுக்கிற இடம்.

> இரவு பதினொரு மணி. // வயல் வரம்பில் ஒரு காவல் கொட்டில். / கொட்டிலுக்குள் ஒரு டோர்ச் லைட், / ஒரு சின்ன வானொலிப் பெட்டி, / என்னுடைய அப்பா. // யானை வராமல் இருக்க, / அப்பா விடிய விடிய வானொலியைப் பாட விடுவார். // ஒரு நாள் நான் கேட்டேன். / "யானைக்கு அந்தச் சத்தம் பயமா அப்பா?" // "யானைக்குப் பயமோ தெரியாது பிள்ளை. / எனக்கு ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிற மாதிரி" என்றார். //
>
> வணக்கம். / நான் (பெயர்). / விசுவமடுவில் இருந்து பேசுகிறேன். // பகலில் தையல் வேலை. / மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கதை சொல்லிப் பழகிய குரல் இது. // எனக்குப் பிடித்தது இரவு நிகழ்ச்சி. / நித்திரை வராதவர்களோடும், / நித்திரை கொள்ளக் கூடாதவர்களோடும் பேசுகிற நிகழ்ச்சி. // வயல் காவலில் இருக்கிற ஒருவருக்கு, / பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற மாதிரி. // நான் (பெயர்).

86 சொற்கள். அவளுடைய வேகத்தில் 56 விநாடி வந்தது.

இதில் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்ப்போம். முதல் சொல் "வணக்கம்" இல்லை. நேரமும் இடமும்தான் முதலில். கேட்கிறவர் எட்டாவது விநாடியில் வயலில் நிற்கிறார், கை அடுத்த பதிவுக்குப் போகாது. பெயர் பாதி தாண்டி, ஏறக்குறைய முப்பத்திரண்டாவது விநாடியில் வருகிறது. அதற்குள் அந்தக் குரல் யாருடையது என்று கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும் போல ஆகிவிடும். கடைசியில் பெயர் இன்னொரு முறை. வானொலியில் நிகழ்ச்சியை முடிக்கும்போது பெயரைச் சொல்லி விடைபெறுவது பழைய வழக்கம். தெரிவுப் பட்டியலில் எழுதுகிறவருக்கும் அது உதவும். ஆனால் அறிவித்தலில் "முதலில் பெயரைச் சொல்லவும்" என்று இருந்தால் முதலில்தான் சொல்ல வேண்டும். "நான் (பெயர்), விசுவமடு" என்று மூன்று சொல்லில் சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டுக் கதைக்குப் போங்கள். இதற்காகவே அறிவித்தலை இரண்டு முறை வாசியுங்கள்.

"கனவு", "ஆர்வம்", "சிறு வயது முதல்" ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக எந்த நிகழ்ச்சி செய்ய விருப்பம் என்று ஒரே வரியில் இருக்கிறது. தயாரிப்பாளருக்கு அந்த ஒரு வரி மிகவும் முக்கியம். இந்தக் குரலை எங்கே வைக்கலாம் என்று அவர் அப்போதே யோசிக்கத் தொடங்குவார்.

இலக்கணம் தெரிந்தவர்கள் "ஒரு ஆள்" என்பதைப் பிடிப்பார்கள், "ஓர் ஆள்" என்றுதான் எழுத வேண்டும். நாங்கள் மாற்றவில்லை, ஏனென்றால் அது அப்பாவின் வாயில் இருந்து வந்த சொல். கடைசியில் அவள் அதைத் திருப்பிச் சொல்கிறபோதும் அப்பாவின் சொல்லாகவே இருக்க வேண்டும். செய்தி வாசிப்பாளர் தேர்வு என்றால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

எந்தத் தமிழ்

வானொலியில் செய்தி ஒரு தமிழில் போகும், நிகழ்ச்சி இன்னொரு தமிழில் போகும். அறிமுகத்தில் இரண்டில் எதுவும் சரி. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் இரண்டுக்கும் இடையில் தாவக் கூடாது. "பேசுகிறேன்" என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் "கதைக்கிறன்" என்றால் கேட்கிறவருக்கு இரண்டு ஆட்கள் பேசுகிற மாதிரி இருக்கும். மேற்கோளுக்குள், அதாவது அப்பா சொன்னது போன்ற இடத்தில், பேச்சுத் தமிழ் வரலாம். அங்கே குரலையும் கொஞ்சம் மாற்றலாம். ஆனால் நாடகம் மாதிரி அப்பாவின் குரலில் பேசிக் காட்ட வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கேட்ட பதிவுகளில் நிறையப் பிள்ளைகள் சென்னைப் பண்பலை அறிவிப்பாளர்கள் மாதிரிப் பேசப் பார்க்கிறார்கள். வேறு சிலர் இலங்கை வானொலியின் பழைய குரல்களைப் பிடிக்கிறார்கள். கே.எஸ்.ராஜாவின் வேகத்தையும், பி.எச்.அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் கேட்டு வளர்ந்த நாட்டில் அது இயல்பு. அவர்களைக் கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். ஆனால் பதிவு செய்கிற அன்று கேட்க வேண்டாம். ஒரு மணி நேரம் ஒருவரைக் கேட்டுவிட்டு மைக் முன்னால் போனால் அவருடைய ஏற்ற இறக்கம் உங்களை அறியாமலே வந்துவிடும். கேட்கிறவர்களுக்கு மூலக் குரல் யாருடையது என்று மூன்றாவது வரியிலேயே தெரியும்.

ழகரம்

எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஊரில் அது குறையே இல்லை. ஆனால் குரல் தேர்வில் முதலில் கவனிக்கப்படுகிற எழுத்து அதுதான், ஏனென்றால் அறிவிப்பாளர் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற "நிகழ்ச்சி" என்ற சொல்லுக்குள் அது இருக்கிறது. என் பெறாமகளின் எழுத்தில் "பழகிய" ஒன்று, "நிகழ்ச்சி" இரண்டு. மூன்றும் "பளகிய", "நிகள்ச்சி" என்றுதான் வந்தன. அவளுக்கே அது கேட்கவில்லை. பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் கேட்டது.

திருத்துகிற முறை இது. "பல்" என்று சொல்லுங்கள். நாக்கின் நுனி மேல் பற்களுக்குப் பின்னால் முட்டும். "பள்ளம்" என்று சொல்லுங்கள். நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தில் முட்டும். இப்போது அதே ளகர இடத்துக்கு நாக்கை வளைத்துக்கொண்டு போங்கள், ஆனால் முட்ட விடாதீர்கள். ஒரு மயிரிழை இடைவெளி விட்டுக் காற்றை ஓட விடுங்கள். அதுதான் ழகரம். நாக்கு எங்கேயும் முட்டாததால் "ழ்ழ்ழ்" என்று இழுத்துக்கொண்டே இருக்க முடியும், ஆனால் "பழம்" என்பதில் ஒரு மெல்லிய வளைவு மட்டும் போதும். முதலில் "பழம், பழக்கம், பழகிய" என்று தனியாக, பிறகு வரியோடு. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், நான்கு நாளில் அவளுக்கு வந்தது.

வந்த புதிதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ழகரம் பிடிபட்டதும் எல்லா ளகரத்தையும் அப்படி ஆக்கிவிடுவார்கள். "பிழ்ழை", "ஆழ்" என்று வரும். அவளும் "ஒரு ஆழ்" என்று ஒரு பதிவில் சொன்னாள். அதனால் எழுத்துத் தாளில் ழகரத்துக்கு வட்டம் போடுங்கள், ளகரத்துக்கு அடிக்கோடு போடுங்கள். கண் பார்த்தால் நாக்கு ஒழுங்காகப் போகும். ஒரு வேளை தேர்வு நாளைக்குள் ழகரம் வரவே இல்லை என்றால், எழுத்தை மாற்றுங்கள். "பழகிய குரல்" என்பதை "வளர்ந்த குரல்" என்று ஆக்கினால் ஒரு இடர் குறையும்.

எங்கே, எப்போது பதிவு செய்வது

எங்கள் வீடுகளில் பாதிக்குக் கூரை தகரம். மழை என்றால் பேச்சே கிடையாது. வெயில் ஏறினால் தகரம் சூட்டில் விரிந்து "டிக் டிக்" என்று சத்தம் போடும். அதைக் காது கேட்காது, மைக் கேட்கும். விடியற்காலையிலும் பின்னேரத்திலும் மயில் அகவும். மாரி காலத்து இரவில் தவளையும் சில்வண்டும் விடாது. கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி ஓயாது. இதையெல்லாம் பார்த்து நாங்கள் எடுத்த நேரம் காலை எட்டரை முதல் பத்து மணி வரை. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருப்பார்கள், மயில் அடங்கியிருக்கும், தகரம் இன்னும் சூடாகியிருக்காது. எழும்பி இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருப்பதால் தொண்டையும் திறந்திருக்கும். எழும்பிய உடனே பதிவு செய்தால் குரல் கனமாக, நன்றாக இருக்கிற மாதிரித் தோன்றும். ஆனால் நேரில் கூப்பிட்டுப் பேச விடும்போது அந்தக் குரல் வராது.

சீமெந்து அறை வெறுமையாக இருந்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி எதிரொலிக்கும். இதற்குக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ஒரு வால் மாதிரிச் சத்தம் தொடர்ந்தால் அந்த அறை சரியில்லை. துணி அலுமாரியைத் திறந்து, சேலைகளும் உடுப்புகளும் தொங்குகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். அவள் தையல் கடையிலேயே, வெட்டின துணிக் கட்டுகளுக்கு நடுவில் பதிவு செய்தாள். அது எங்கள் வீட்டு அறையை விட நன்றாக இருந்தது. மின்விசிறியை நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டி பக்கத்து அறையில் இருந்தாலும் அந்த இரண்டு நிமிடம் நிறுத்திவிடுங்கள், பிறகு மறக்காமல் போடுங்கள்.

பதிவு

நல்ல கைபேசி ஒன்று போதும். வட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பேசி அனுப்ப வேண்டாம். அது குரலைச் சுருக்கித்தான் பதிவு செய்யும், குரலின் மேல்பக்கத் தெளிவு போய்விடும். கைபேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியில் பதிவு செய்து, பிறகு கோப்பாக அனுப்புங்கள். தரத்தைத் தெரிவு செய்ய விட்டால் ஒற்றைத் தடம், 44.1 kHz என்று வையுங்கள். பதிவுக்கு முன் கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். நல்ல பதிவின் நாற்பதாவது விநாடியில் அழைப்பு வந்தால் மனம் உடைந்துவிடும்.

பெரும்பாலான கைபேசிகளில் மைக் கீழ் விளிம்பில் இருக்கிறது. அதைக் கையால் மூடாதீர்கள். கையிலேயே வைத்திருக்கவும் வேண்டாம், விரல் அசைகிற சத்தம் விழும். புத்தகங்களை அடுக்கி அதன் மேல் சாய்த்து வையுங்கள். வாயில் இருந்து ஒரு சாண் தூரம், நேர் முன்னால் இல்லாமல் கன்னத்தின் பக்கமாகக் கொஞ்சம் விலகி இருக்கட்டும். நேராக இருந்தால் "பக்கத்தில்", "பெட்டி", "பகலில்" என்கிற பகரங்களில் காற்று மைக்கில் மோதி "டொப்" என்று கேட்கும்.

அவளுடைய முதல் நான்கு பதிவுகளும் சத்தமாக இருந்தன. பகல் முழுக்கத் தையல் மெஷினுக்கு மேலாகப் பேசுகிறவள், குரல் அங்கேயே நின்றது. சத்தம் உச்சத்தைத் தாண்டினால் பதிவில் கரகரக்கும். அலை வடிவத்தைப் பார்த்தால் மேடுகளின் தலை வெட்டின மாதிரித் தட்டையாக இருக்கும். அதை எந்தச் செயலியாலும் திரும்ப எடுக்க முடியாது, புதிதாகத்தான் பேச வேண்டும். கைபேசியைத் தூரத்தில் வைத்தால் கரகரப்புப் போகும், ஆனால் அறையின் எதிரொலி கூடும். அதனால் குரலைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. "மெதுவாகப் பேசு" என்று சொன்னால் அவள் சோர்ந்து பேசினாள். கடைசியில் நான் அவளுக்கு முன்னால், கைபேசிக்குப் பின்னால் ஒரு வாங்கில் போய் இருந்தேன். "அப்பா கொட்டில்ல படுத்திருக்கிறார், பக்கத்து வயல்காரர் நித்திரை. அப்பாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லு" என்றேன். ஐந்தாவது பதிவில் குரல் இறங்கியது, உயிரும் இருந்தது. உங்களுக்கும் எதிரில் ஒரு ஆளை இருத்துங்கள். ஆள் இல்லையென்றால் அந்த ஒரு நேயரின் படத்தைக் கைபேசிக்குப் பின்னால் வையுங்கள்.

ஒரு நிமிடத்தைத் துண்டு துண்டாகப் பதிந்து ஒட்ட வேண்டாம். ஒட்டின இடத்தில் மூச்சும் குரலின் உயரமும் மாறுவது தெரியும். முழுதாக ஐந்து ஆறு முறை பேசுங்கள், அப்புறம் தண்ணீர் குடித்து அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்பக் கேளுங்கள். முன்னாலும் பின்னாலும் அரை விநாடி அமைதி விட்டு வெட்டுங்கள். மற்றபடி கையை வைக்காதீர்கள். பின்னணி இசை போட்டால் குரல் மறைகிறது என்று தயாரிப்பாளர் நினைப்பார். எதிரொலி சேர்த்தால் மறைக்க ஏதோ இருக்கிறது என்று நினைப்பார். இரைச்சல் நீக்கி அளவு கூடினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். மூச்சு எடுக்கிற சத்தத்தை முழுதாக வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி வெட்டினால் மனிதர் பேசுகிற மாதிரியே இருக்காது.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை

வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள். உங்கள் குரல் தெரியாத ஒருவருக்கு முதல் பத்து விநாடியை மட்டும் போட்டுக் காட்டி நிறுத்துங்கள். "மிச்சத்தையும் போடு" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். பிறகு முழுவதையும் போடுங்கள். முடிந்து ஐந்து நிமிடம் வேறு கதை கதைத்துவிட்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். நாங்கள் சந்தியில் இருக்கிற ஓட்டோக்காரர் ஒருவருக்குப் போட்டோம். "யானைக்கு றேடியோ போடுற அப்பா, தைக்கிற பிள்ளை" என்றார். பெயர் ஞாபகம் இல்லை. அதற்காகவே கடைசிப் பெயருக்கு முன்னால் நிறுத்தத்தைக் கொஞ்சம் நீட்டி, பெயரை மெதுவாகச் சொல்லித் திரும்பப் பதிந்தோம். மலிவான சின்ன ஒலிபெருக்கியிலும் ஒரு முறை கேளுங்கள். நல்ல காதுக் கருவியில் விளங்குகிற சொல் அதில் விளங்காமல் போகலாம்.

அனுப்பும்போது கோப்பு எம்பி3 ஆக 128 kbps என்றால் ஒரு நிமிடம் ஏறக்குறைய ஒரு எம்பி வரும், டேட்டா அதிகம் போகாது. WAV கேட்டால் ஐந்து எம்பிக்குக் கொஞ்சம் மேலே. கோப்புக்குப் பெயர் வைக்காமல் அனுப்புகிறவர்கள் அதிகம். "Recording 14" என்று நாற்பது கோப்பு வந்தால் உங்கள் குரல் எது என்று அவர்கள் தேட மாட்டார்கள். உங்கள் பெயர், ஊர், விநாடி என்று இப்படி வையுங்கள்:

```
peyar_visuvamadu_56s.mp3
```

வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் ஆவணமாக இணையுங்கள். அனுப்பிய பதிவையும் எழுத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். தெரிவானால் பெரும்பாலும் அடுத்ததாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, முன்பு பார்க்காத ஒரு துண்டை வாசிக்கச் சொல்வார்கள், அல்லது சும்மா பேச விட்டுக் கேட்பார்கள். பதிவில் இருந்த அதே குரலில் பேசுகிற ஆள்தானா என்று பார்க்கத்தான் அது. அந்த நாட்களில் தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தால், மெஷினை நிறுத்திவிட்டு எடுங்கள்.

அவளுக்கு ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது. தன்னை யாரென்று சொல்லிவிட்டு அந்தத் தயாரிப்பாளர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா இப்பவும் காவலுக்குப் போறவரோ?"